பலகையில் ஏறிய குறள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆலை வாசலில் குறட்பலகை ஒன்று பார்த்தேன். பின்னணி கருங்கல் மாதிரி. புள்ளி புள்ளியாகச் சொரசொரவென்று வண்ணம் தெளித்திருந்தார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. படிக்கத்தான் முடியவில்லை. ஒற்றெழுத்தின் புள்ளி எது, கல்லின் புள்ளி எது என்று யார் கண்டார்கள்? ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிட்டது.

இது புதிய தொல்லை அல்ல. பனை ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடாமலே விட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வதுண்டு. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஓலையின் விளிம்பு வந்தால் வரி முடியும், அவ்வளவுதான். எங்கே நிறுத்துவது என்பதைப் படிப்பவரின் காதுதான் தீர்மானித்தது. ஏழு சீர், முதலடியில் நான்கு, அடுத்ததில் மூன்று என்று ஓசையே வழி காட்டிற்று.

கல்லிலும் குறள் ஏறியிருக்கிறது. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்தார். இராயப்பேட்டைக் கிணற்றருகே 1818-இல் நாட்டிய தமிழ்க் கல்வெட்டில், நீர்வளம் பேசும் குறள் ஒன்றையும் பொறித்துவைத்தார். தண்ணீர் எடுக்க வந்தவர்களின் கண்ணில் படும்படி நின்ற குறள் அது. அந்தக் கல் இன்று மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் இருக்கிறது.

அச்சு வந்தபின் அடியும் சீரும் தெளிவாகப் பிரிந்தன. ஆனால் சீர் வேறு, சொல் வேறு. ‘வேலையில்லாதவன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்பா இலக்கணப்படி அதை ‘வேலையில் லாதவன்’ என்று இரண்டு சீராக்கலாம், தளை தட்டாது. புலவருக்கு அதில் சங்கடம் இல்லை. பலகையில் இடம் போதவில்லை என்று ‘வேலையில்’ என்பதோடு வரியை முடித்தால் என்ன ஆகும்? வேலை இல்லாதவன் வேலையில் சேர்ந்துவிடுவான்! தொழிற்பேட்டையிலே அது விபரீதம் அல்லவா?

ஆகவே பலகைக்கு எழுதுகிறவர் முதலில் சந்தியைப் பிரித்துக்கொண்டு, குறளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். மூச்சும் பொருளும் சேர்ந்து நிற்கிற இடத்தில் வரியை மடக்கலாம். இரண்டடி நான்கு வரியானாலும் குற்றமில்லை. ஆனால் எதுகை உள்ள குறளானால், இரண்டு அடிகளின் முதற்சொற்களும் இடது ஓரத்தில் நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். மடங்கிய வரிகள் சற்று உள்ளே தள்ளியிருக்கட்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு எதுகை தப்பிவிடும். ஏழாவது சீர் மிகச் சிறியது. அதைத் தனி வரியில் தள்ளினால் வால் போலத் தொங்கும்.

நான் பார்த்த பலகையில் அதுவும் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதிய ஓவியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பலகையின் அகலத்தை அளந்து கொடுத்தவர்கள் குறளை அளந்து பார்க்கவில்லை. சொரசொரப்பை ஓரத்தோடு நிறுத்தி, எழுத்துக்குப் பின்னால் மட்டும் வழவழப்பாக விட்டிருந்தால் புள்ளிகளாவது பிழைத்திருக்கும். இதை வாயிற்காவலரிடம் சொன்னேன்.

“நாங்க மனப்பாடமா சொல்லிடுவோம் சார், படிக்கிறது இல்லை” என்றார் அவர்.