திருகோணமலை வெப்பமும் மின்காரின் பற்றரியும்: இரும்புப் பொஸ்பேற்றா, நிக்கலா?

மின்கார் வாங்க விசாரிப்பவரின் காதில் இரண்டு வாக்கியங்கள் விழாமல் இருப்பதில்லை. லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி வெப்பத்தைத் தாங்கும் என்பது ஒன்று. நிக்கல் பற்றரி கூடுதல் தூரம் ஓடும் என்பது மற்றது. ஆய்வுகூடத்தில் இரண்டும் உண்மைதான். திருகோணமலையில் குடியிருந்து, கந்தளாய்க்கும் மூதூருக்கும் அன்றாடம் போய், எப்போதாவது கொழும்புக்கு இறங்கும் ஒருவருக்கு இவ்விரண்டும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அவருடைய பற்றரியை முதுமைப்படுத்தும் காரணம் பெரும்பாலும் இரண்டு வகைக்கும் பொதுவானது என்பதும், தூர வித்தியாசம் அன்றாடப் பாவனையில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது என்பதும், உண்மையான வித்தியாசம் விற்பனைப் பேச்சில் வராத ஓரிடத்தில் இருக்கிறது என்பதும் என் வாதம்.

முதலில் வேதியியல். இரண்டு வகையிலும் எதிர்முனை கிரபைட்டு. நேர்முனைதான் வேறு. நிக்கல் வகையில் நிக்கல், மங்கனீசு, கோபால்ட் ஆகியவற்றின் ஒட்சைட்டு அடுக்குகளுக்கிடையே லித்தியம் போய்வருகிறது. இரும்புப் பொஸ்பேற்றை நேர்முனைக்குப் பயன்படுத்தலாம் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதி, நஞ்சுண்டசுவாமி, குடினஃப் ஆகியோர் 1997இல் காட்டினர். அதில் ஒட்சிசன் பொசுபரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் கழன்று வெளியேறாது. அந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு. ஒரு கலத்தின் சராசரி வோல்ட் அளவு 3.2 மட்டுமே, நிக்கல் கலத்துக்கு அது ஏறத்தாழ 3.65. ஆகவே ஒரே எடையில் நிக்கலே கூடுதல் மின்சாரத்தைச் சேமிக்கிறது.

வெப்பத்துக்கு வருவோம். இலங்கையில் இதற்கு நல்ல சாட்சி நிசான் லீஃப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன் இங்கு பெருமளவில் வந்த மின்கார் அதுதான். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறந்தபோது முன்னணிக்கு வந்த பீ.வை.டி. கார்கள் இரும்புப் பொஸ்பேற்றைச் சுமந்து வந்தன. பழைய லீஃப்களின் பற்றரி தேய்ந்ததைக் கண்டவர்கள், புதியது தேயாததற்குக் காரணம் இரும்பு என்று முடிவுகட்டுகிறார்கள். இந்த முடிவு அவசரமானது.

24 அலகு கொள்ளளவுள்ள முதல் லீஃபின் நேர்முனை பெரும்பாலும் மங்கனீசு ஒட்சைட்டு. அதில் நிக்கல் ஒட்சைட்டும் கலந்திருந்தது. (நம் மின்பட்டியலில் உள்ள அதே அலகைத்தான், அதாவது ஒரு கிலோவாட் மணியைத்தான், இங்கு அலகு என்கிறேன்.) பற்றரியைக் குளிர்விக்கத் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்து உரிமையாளர்கள் கொள்ளளவு விரைவாகக் குறைவதாக முறையிட, நிறுவனம் கொள்ளளவுக்கெனத் தனி உத்தரவாதம் வழங்க நேர்ந்தது. ஃபீனிக்ஸ் பாலைவனம், நாங்கள் கடற்கரை என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ். திருகோணமலையில் ஏறத்தாழ 28. அவர்களுடைய கோடை நமதைவிடக் கொடியது, ஆனால் அவர்களுக்கு ஒரு குளிர்காலம் உண்டு. பத்துப் பாகை ஏறினால் தேய்வு ஏறத்தாழ இருமடங்காகும் என்ற பொதுவிதியை மாதவாரியாகப் போட்டுப் பார்த்தால், இரு ஊர்களும் பெரிய வித்தியாசமின்றி நிற்கின்றன.

அந்தத் தேய்வு நடக்கும் இடம் முக்கியம். கிரபைட்டின் மேற்பரப்பில் மின்பகு திரவம் சிதைந்து ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது தடிக்கத் தடிக்க, ஓடித்திரிய வேண்டிய லித்தியம் அதற்குள் சிறைப்படுகிறது. லீஃபில் கரைந்து வந்த மங்கனீசு இதை மேலும் கெடுத்தது. இரும்புப் பொஸ்பேற்றில் மங்கனீசு இல்லை. உச்ச வோல்ட் அளவும் குறைவு. ஆகவே தேய்வு மெதுவாகவே நடக்கும். ஆனால் கிரபைட்டு அங்கும் அதே கிரபைட்டுத்தான். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டாணின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு, இரும்புப் பொஸ்பேற்றுக் கலங்களும் நிறைந்த நிலையை ஒட்டியே இயங்கும்போது விரைவாகத் தேய்வதைக் காட்டியது. காரில் திரவக் குளிர்விப்பு இருப்பதும் இதற்கு முழு மருந்தல்ல. நிறுத்தி அணைத்து வைத்த காரில் அது பெரும்பாலும் இயங்குவதில்லை. தனியார் காரோ நாளின் பெரும்பகுதியை நிறுத்தப்பட்ட நிலையிலேயே கழிக்கிறது. துறைமுக வீதியோரம் நண்பகல் வெயிலில் நூறு சதவீதத்தோடு நிற்கும் காருக்கு அதன் நேர்முனை என்னவென்பது இரண்டாம் கவலை.

இதே காரணத்தால், மூவாயிரம் தடவை ஏற்றி இறக்கலாம் என்ற விளம்பரமும் தனியார் வாங்குநருக்குப் பொருளற்றது. ஆண்டுக்கு 15,000 கிலோமீற்றர் ஓடுபவர், நூறு கிலோமீற்றருக்கு 15 அலகு என்று கொண்டால், 2,250 அலகு செலவழிக்கிறார். 50 அலகுப் பற்றரியில் அது 45 முழுச் சுற்று. பதினைந்து ஆண்டுகளில் எழுநூறைக்கூட எட்டாது. நிக்கல் பற்றரியே அதைத் தாங்கும். நாள் முழுதும் ஓடும் வாடகை வானுக்குத்தான் மூவாயிரம் ஒரு செய்தி.

அடுத்தது தூரம். இதைச் சோதிக்க எம்.ஜி. 4 வசதியானது. ஒரே கார் இரு வேதியியலில் வந்தது: இரும்புப் பொஸ்பேற்றில் பயன்படுத்தத்தக்க 50.8 அலகு, நிக்கலில் 61.7 அலகு. நிக்கல் பற்றரியை அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்தும்படிதான் பொதுவான அறிவுரை. அப்போது கையில் இருப்பது 49.4 அலகு. இரும்புப் பொஸ்பேற்றை முழுதாக ஏற்றலாம், இருப்பது 50.8. பத்து அலகு வித்தியாசம் காணாமற் போய்விட்டது.

நெடும்பயணத்தில் நிக்கலையும் நிரப்பலாம்தான். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். குளிரூட்டியோடு நூறுக்கு 15 அலகு என்றால் 39 அலகு போதும். இரும்புக் காரில் 12 அலகும் நிக்கல் காரில் 23 அலகும் மிஞ்சும். இரண்டிலுமே திரும்பி வரக் கொழும்பில் மின்னேற்றியாக வேண்டும். பற்றரி பத்துச் சதவீதம் தேய்ந்த பின்னும் இரும்புக் காரில் 45 அலகுக்கு மேல் இருக்கும், பயணம் கெடாது. நிற்காமல் காலி வரை போக நினைப்பவருக்கு நிக்கல் உதவும், அதுவும் மயிரிழையில். இலங்கையில் மின்காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட்டை வைத்தே கணக்கிடப்படுகிறது, பற்றரியை வைத்தல்ல என்பதால், மலிவான வேதியியலின் இலாபம் சுங்கத்தைத் தாண்டும்போது ஓரளவு மங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி விற்பனைப் பேச்சில் வராத இடம். பற்றரியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்பதை வோல்ட் அளவைக் கொண்டு ஊகிக்கலாம். நிக்கலில் மின்சாரம் இறங்க இறங்க வோல்ட்டும் சீராக இறங்கும். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பதுபோல. இரும்புப் பொஸ்பேற்று கந்தளாய்க் குளம் மாதிரி. பரந்த நீர்ப்பரப்பில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கினாலும் போன தண்ணீர் ஏராளம். முப்பது சதவீதத்துக்கும் தொண்ணூறு சதவீதத்துக்கும் இடையே ஒரு கலத்தின் வோல்ட் ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்குதான் மாறுகிறது. ஆகவே காரின் கணினி வோல்ட்டை நம்பாமல், உள்ளே வந்த மின்னோட்டத்தையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது. காசுப்பெட்டியைத் திறக்காமலே வரவு செலவு எழுதும் கணக்கப்பிள்ளையைப் போன்றது அது. நாளுக்கு நாள் சிறு பிழைகள் சேரும். பெட்டியைத் திறந்து எண்ணும் நாள், பற்றரி நூறு சதவீதத்தைத் தொடும் நாள். அங்கேதான் வோல்ட் செங்குத்தாக ஏறுகிறது. கலங்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான் சமப்படுத்தப்படுகிறது. இரும்புப் பொஸ்பேற்றுக் கார்களை வாரம் ஒருமுறையேனும் நூறுக்கு ஏற்றச் சொல்லி டெஸ்லா அறிவுறுத்துவது இதற்காகவே.

இந்த அறிவுரை நம் வீட்டு மின்னிணைப்போடு மோதுகிறது. வழக்கமான 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பில் 7 கிலோவாட் மின்னேற்றி பொருந்தாது. 16 அம்பியரில் ஏற்றினால் 3.6 கிலோவாட். நேரவாரிக் கட்டணத்தில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, ஏழு மணித்தியாலம். அதாவது 25 அலகு, இழப்புப் போக ஏறத்தாழ 22. பீ.வை.டி. அட்டோ 3இன் 60 அலகுப் பற்றரியில் இது 37 சதவீதம். எனவே ஐம்பதில் தொடங்குபவர் எந்த இரவிலும் உச்சியைத் தொடமாட்டார். நடுவில் மின்வெட்டு வந்தால் சொல்லவே வேண்டாம். மாதக்கணக்கில் நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையே உழன்ற காரில் திரை 18 சதவீதம் என்று காட்டும்போது உண்மையில் 8 இருக்கலாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான காட்டுப் பாதையில் தெரியவரக்கூடாத செய்தி அது. எழுபதுக்கு மேல் இருக்கும் ஓர் இரவைத் தேர்ந்து, விடியற்காலையில் நூறைத் தொடும்படி ஏற்றி, உடனே புறப்பட்டுவிடுவது நல்லது. நிரப்பிவிட்டு இரண்டு நாள் வெயிலில் நிறுத்துவது டாண் குழு கண்ட தேய்வை விலைக்கு வாங்குவதாகும்.

பாதுகாப்பில் ஐயமின்றி இரும்பே முந்துகிறது. ஒட்சிசன் வெளியேறாததால் தீ மூளும் வெப்பநிலை உயர்வு. மூண்டாலும் வேகம் குறைவு. ஆனால் உப்புநீர் வேதியியல் பார்ப்பதில்லை. 2022இல் ஃபுளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பின், கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் நாட்கள் கழித்தும் தீப்பற்றின. உப்புநீரில் மூழ்கிய கார் எந்த வகையானாலும் வீட்டை ஒட்டி நிறுத்தத் தக்கதல்ல.

பாவித்த கார் வாங்குபவர் முதலில் எந்த வகை என்று அறிய வேண்டும். பற்றரியின் மொத்த வோல்ட் அளவைத் தொடராக இணைந்த கலங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். அட்டோ 3இல் 403 வோல்ட், 126 கலம், விடை 3.2, இரும்பு. 40 அலகு லீஃபில் 350 வோல்ட், 96 கலம், விடை 3.65, நிக்கல். லீஃபின் உடல்நிலையை முகப்பில் உள்ள பன்னிரண்டு கோடுகள் சொல்லும்: முதற்கோடு மறைந்தால் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது, அதன்பின் ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் கூட. இரும்புக் காரில் திரை காட்டும் உடல்நிலையை நம்பாமல் அளக்க வேண்டும். பத்துச் சதவீதத்துக்குக் கீழே வரும்வரை ஓட்டுங்கள். அந்த அடிமட்டத்தில் வோல்ட் மீண்டும் செங்குத்தாக இறங்குவதால் எண் நம்பத்தக்கது. பிறகு தனி மானியோடு நூறு வரை ஏற்றுங்கள். அட்டோ 3 பத்திலிருந்து நூறுக்கு மானியில் 54 அலகு எடுத்தது என்று வைப்போம். பத்தில் ஒரு பங்கு வழியில் வெப்பமாகப் போனதென்றால் உள்ளே சென்றது 48.6. அது தொண்ணூறு சதவீதம், முழுதும் 54. புதிதில் 60.5 இருந்த பற்றரியில் இப்போது 89 சதவீதம். இந்தச் சோதனைக்குச் சாதாரண வீட்டு இணைப்பில் பதினைந்து மணித்தியாலம் வேண்டும். ஓர் இரவுக்குக் காரைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் விலையைப் பேசும்போது, அந்த மறுப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.