கைதட்டலும் கேள்விக்குறியும்

மேடைப் பேச்சு ஒன்று முடிகிறது. அவையினர் கைதட்டுகின்றனர். ஒருவர் மட்டும் எழுந்து, “அந்த இரண்டாவது செய்தியை இன்னும் சற்று விளக்கியிருக்கலாமே!” என்கிறார். அடுத்த கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்பதைப் பேச்சாளருக்கு உணர்த்தியது எது? கைதட்டலா, அந்த ஒருவரின் குறையா?

பாடங்களை வீடியோ தொடராக வெளியிடுவோர் முன்னும் இதே கேள்வி நிற்கிறது. ஒவ்வொரு பகுதியின் கீழும் பார்வையாளர்களின் கருத்துரைகள் நூற்றுக்கணக்கில் சேர்கின்றன. அவற்றைப் பாராட்டு, குறை என்று பிரிக்கும் வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கிறார்கள். இந்தப் பிரிப்பு முறை எப்படி வளர்ந்தது, அதிலிருந்து அடுத்த பாடத்தை எப்படிக் கண்டறிவது என்பதை இங்குக் காண்போம்.

சொற்பட்டியலின் காலம்

எழுத்தில் உள்ள உணர்வைக் கணிப்பொறியால் அளக்கும் முயற்சி 1960களிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஸ்டோனும் அவருடைய குழுவினரும் ‘ஜெனரல் இன்கொயரர்’ என்ற முறையை உருவாக்கினர். அதை விளக்கும் நூல் 1966இல் வெளிவந்தது. அதன் அடிப்படை எளியது. சொற்களை முன்கூட்டியே வகைப்படுத்தி ஓர் அகராதியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டுரையில் எந்த வகைச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணவேண்டும். நல்ல சொற்கள் மிகுந்தால் அது நல்லெண்ணம் கொண்ட எழுத்து என்று கொள்ளலாம்.

இந்தப் பட்டியலை மனிதர் தம் அறிவைக்கொண்டு தயாரித்தால் போதுமா? 2002இல் போ பாங், லில்லியன் லீ, சிவகுமார் வைத்தியநாதன் ஆகிய மூவர் இதைச் சோதித்தனர். திரைப்பட விமர்சனங்களில் பாராட்டுபவை 700, பழிப்பவை 700 என எடுத்துக்கொண்டனர். பாராட்டையும் பழிப்பையும் காட்டும் சொற்களைத் தனித்தனியே எழுதித் தருமாறு இரு மாணவர்களைக் கேட்டனர். அந்தப் பட்டியல்களைக் கொண்டு பிரித்தபோது ஒன்று 58 விழுக்காடும் மற்றொன்று 64 விழுக்காடும் மட்டுமே சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 விழுக்காடு சரியாக வரும் அல்லவா! பிரித்து வைக்கப்பட்ட விமர்சனங்களைக் காட்டிக் கணிப்பொறியையே கற்கவைத்தபோது அது ஏறக்குறைய 83 விழுக்காட்டை எட்டியது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. விமர்சனங்களில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, மூன்றாவதாக ஒரு சிறு பட்டியலையும் அவர்கள் அமைத்தனர். பழிப்பைக் காட்டும் அடையாளங்களில் கேள்விக்குறியும் இடம்பெற்றது! திரைப்படம் பார்த்தவர் “இந்தக் காட்சி எதற்கு?” என்று எழுதினால் அது பழிப்புதான். ஆனால் பாடம் கேட்ட மாணவர் “மின்னோட்டம் ஏன் திசை மாறுகிறது?” என்று எழுதினால் அது பழிப்பா? அடுத்த பாடத்துக்கான தலைப்பே அதில் இருக்கிறதே!

விருப்பத்தைத் தேடிய ஆய்வு

உணர்வு வேறு, விருப்பம் வேறு. உணர்வு என்பது பார்த்து முடித்ததைப் பற்றியது. விருப்பம் என்பது இனி வரவேண்டியதைப் பற்றியது. இந்த வேறுபாட்டை மையமாகக் கொண்ட ஆய்வு ஒன்று 2009இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. 2007ஆம் ஆண்டு முடிவில், நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்துப் புத்தாண்டு விழாவுக்கென மக்கள் அனுப்பிய ஏறத்தாழ ஒரு லட்சம் விருப்ப வாசகங்களை அவ்வாய்வாளர்கள் எடுத்துக்கொண்டனர். உலக அமைதி வேண்டும் என்றவர் பலர். ஆனால் ஆய்வாளர்கள் தேடியது என்ன வேண்டும் என்பதை மட்டுமன்று. மக்கள் எந்த வாக்கிய அச்சில் வேண்டுகிறார்கள் என்பதையும் தேடினர். அவ்வாறு கிடைத்த அச்சுகளைக் கொண்டு, பொருள்களைப் பற்றிய விமர்சனங்களிலும் அரசியல் விவாதங்களிலும் புதைந்து கிடந்த விருப்பங்களைக் கண்டெடுக்க முயன்றனர்.

தமிழிலும் இத்தகைய அச்சுகள் உண்டு. “...பற்றியும் போடுங்கள்”, “...சொல்லியிருக்கலாம்”, “...எப்போது வரும்?”, “...மட்டும் புரியவில்லை” என்பவை நாம் அன்றாடம் காண்பவை. இவற்றில் முதலாவது பாராட்டுடன் சேர்ந்து வரும். இரண்டாவதும் நான்காவதும் குறை போலத் தோன்றும். ஆனால் நான்குமே வேண்டுகோள்கள்தாம்.

ஒரு கணக்கு

மின்சாரம் பற்றிய பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு தொடரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாம் பகுதி ஓம் விதி. அதற்கு 200 கருத்துரைகள்: பாராட்டு 150, குறை 10, மற்றவை 40. ஆறாம் பகுதி மின்மாற்றி. அதற்கு 80 கருத்துரைகள்: பாராட்டு 36, குறை 24, மற்றவை 20. பாராட்டிலிருந்து குறையைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால், ஓம் விதிக்கு 70 விழுக்காடு. மின்மாற்றிக்கு 15 விழுக்காடுதான். இதை மட்டும் பார்ப்பவர் ஓம் விதி போன்ற எளிய பாடங்களையே மேலும் எடுக்க முனைவார்.

இப்போது அதே கருத்துரைகளில் வேண்டுகோள்களை மட்டும் தனியே எண்ணுவோம். ஓம் விதியில் 4, அதாவது நூற்றுக்கு 2. மின்மாற்றியில் 24, அதாவது நூற்றுக்கு 30. இந்த 24இல், ‘நேர் மின்னோட்டத்தில் மின்மாற்றி ஏன் வேலை செய்வதில்லை?’ என்பது 15. ‘மின்சாரத்தை ஏன் உயர் அழுத்தத்தில் அனுப்புகிறார்கள்?’ என்பது 6, மற்றவை 3. ஒருவரே ஐந்து முறை கேட்டிருக்கலாம். ஆகவே கருத்துரைகளை அல்லாமல் ஆட்களை எண்ணவேண்டும். அப்படி எண்ணும்போது 15 என்பது 11 ஆகக் குறைகிறது என்று கொள்வோம். ஆறு பேரும் வெவ்வேறானவர்கள் என்றாலும் முதல் கேள்வியே முன்னிற்கிறது. அது ஐந்தாம், ஏழாம் பகுதிகளின் கீழும் தலைகாட்டினால் ஐயமே இல்லை. தொடரில் விடுபட்ட படி அதுதான்.

எங்கே வழுக்கும்?

தமிழ்க் கருத்துரைகளில் கணிப்பொறி வழுக்கும் இடங்கள் சில உள்ளன. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் முன்னே வரும். நம் மொழியிலோ பின்னே வரும். “விளங்காத இடமே இல்லை” என்பது முழுப் பாராட்டு. சொற்களை எண்ணும் முறையோ ‘விளங்காத’, ‘இல்லை’ என்று இரண்டு குறைகளைக் குறித்துக்கொள்ளும். ‘பயங்கரம்’, ‘வேற லெவல்’ போன்ற புகழ்ச்சிகளை அகராதியைக்கொண்டு அறிய இயலாது. மேலும் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ‘புரியல’ என்ற ஒரே சொல் நான்கைந்து விதமாக எழுதப்படுகிறது. இதற்காகவே 2020இல் 15,744 தமிழ்–ஆங்கிலக் கலப்புக் கருத்துரைகளை யூடியூபிலிருந்து திரட்டி, மனிதர்களைக் கொண்டே வகைப்படுத்திய தொகுப்பு ஒன்று வெளியிடப்பட்டது. அதில் பாராட்டு, குறை என்பவற்றுடன் ‘இரண்டும் கலந்தது’ என்ற வகையும் உண்டு.

ஆகவே கணிப்பொறி பிரித்தவற்றில் நூறு கருத்துரைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, இருவர் தனித்தனியே படித்துப் பார்க்கவேண்டும். அந்த இருவருமே பல இடங்களில் முரண்பட்டால், வகைகளை வரையறுத்ததில்தான் கோளாறு. இருவரும் ஒத்துப்போய்க் கணிப்பொறி மட்டும் மாறுபட்டால், கோளாறு கணிப்பொறியிடம்.

இவ்வளவும் செய்தாலும் ஓர் எல்லை எஞ்சுகிறது. முதல் இரண்டு நிமிடத்திலேயே புரியாமல் எழுந்து போனவர் கருத்துரை எதுவும் எழுதுவதில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. எந்த நிமிடத்தில் பார்வையாளர் குறைகிறார்கள் என்ற வரைபடத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, கோடு சரியும் இடத்தில் என்ன சொன்னோம் என்று பார்க்கவேண்டும். எழுதியவரின் வேண்டுகோள் கேள்விக்குறியில் இருக்கிறது. எழுதாதவரின் வேண்டுகோள் அந்தச் சரிவில் இருக்கிறது.