'120% டார்கெட் அடிச்சேன்'னு மெயில் போட்டா போதுமா? சேல்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்த நம்பரை எப்படி எழுதணும்?

சேல்ஸ் வேலைக்கு வரும் விண்ணப்ப மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். "டார்கெட்டை 120 சதவிகிதம் அடைந்தேன்", "விற்பனையை இரட்டிப்பாக்கினேன்", "தென் மாவட்டங்கள் முழுவதையும் கவனித்தேன்." படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா படிக்கிற ஏரியா மேனேஜர் முதலில் கேட்கப்போறது, "எதில் 120? எந்த வருஷம்? எந்த ஊர்?" என்பதைத்தான்.

இந்தக் கேள்விகளுக்கு மெயிலிலேயே பதில் இருந்தால் போன் வரும். இல்லையென்றால் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்கள். அப்படியென்றால் எப்படி எழுதுவது? ஒரு உதாரணத்தை எடுத்து, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உதாரணம் இதுதான்

ஒரு பிஸ்கட் கம்பெனியில் சேல்ஸ் ஆபீசராக இருக்கும் ஒருவர், ஏரியா சேல்ஸ் மேனேஜர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் என ஐந்து ஏஜென்சிகள் இருந்தன. 2024 அக்டோபரில் சங்கரன்கோவில் ஏஜென்சியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது புதுசா ஆரம்பிச்ச ஏஜென்சி இல்லை, வேறொரு ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தது.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை அவருக்கு டார்கெட் ரூ.4.20 கோடி. சங்கரன்கோவில் சேர்ந்ததும் உயர்த்தப்பட்ட டார்கெட்டும் இதற்குள் அடக்கம். அடைந்தது ரூ.4.41 கோடி, அதாவது 105 சதவிகிதம். அதற்கு முந்தைய வருஷம் விற்பனை ரூ.3.84 கோடி. அப்படிப் பார்த்தால் வளர்ச்சி 14.8 சதவிகிதம்.

"14.8 சதவிகித வளர்ச்சி" என்று மெயிலில் போட்டுவிடலாம்தான். பொய் இல்லை. ஆனா இதே ஏரியா தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் இந்த நம்பர் என்ன ஆகும்?

14.8 எப்படி 3.5 ஆனது?

அவருடைய முதல் கேள்வி: "ஏரியா அதேதானா, கூடியிருக்கா?" சங்கரன்கோவில் வந்த ஆறு மாதத்தில் அங்கிருந்து மட்டும் ரூ.27 லட்சம் விற்பனை. இது முந்தைய வருஷக் கணக்கில் கிடையாது. அதைக் கழித்தால் பழைய ஐந்து ஏஜென்சிகளின் விற்பனை ரூ.4.14 கோடி. வளர்ச்சி 7.8 சதவிகிதமாக இறங்குகிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் சிக்கலானது. "முந்தைய வருஷம் டிசம்பர் எப்படி?" 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் பக்கம் கடைகளுக்குச் சரக்கே போக முடியாத நிலை.

நம்ம உதாரணத்தில், அந்த டிசம்பரில் விற்பனை ரூ.17 லட்சம் மட்டும். அடுத்த டிசம்பரில் அதே ஐந்து ஏஜென்சிகளில் ரூ.34 லட்சம். "ஒரே மாதத்தில் விற்பனையை இரட்டிப்பாக்கினேன்" என்று எழுத இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது! ஆனா கூடியது வியாபாரம் இல்லை, வெள்ளம் வடிந்தது அவ்வளவுதான். இரண்டு வருஷத்திலும் டிசம்பரை எடுத்துவிட்டுப் பார்த்தால் ரூ.3.67 கோடி, ரூ.3.80 கோடியாகியிருக்கிறது. வளர்ச்சி 3.5 சதவிகிதம்.

மூன்று நம்பருமே சரியான கணக்குதான். வித்தியாசம், எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் 14.8 என்று மட்டும் எழுதினால், இன்டர்வியூவில் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துச் சொல்கிற வேலை எதிரில் இருப்பவருக்குப் போய்விடும். அவர் கண்டுபிடித்தால் அது "மறைத்தது" ஆகிவிடும். நாமே சொல்லிவிட்டால் அது வெறும் விவரம்தான்.

மெயிலில் மூன்றையும் அடுக்கத் தேவையில்லை. "சங்கரன்கோவில் நீங்கலாக 7.8 சதவிகிதம், முந்தைய ஆண்டில் வெள்ள மாதமும் அடங்கும்" என்று ஒரு வரி போதும். 3.5 கணக்கைக் கையில் வைத்திருங்கள். நிச்சயம் கேட்பார்கள்.

அப்போ இவர் என்னதான் சாதித்தார்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கோடிக்கணக்கு எழுதிவிட்டு, உண்மையிலேயே தன் கையால் செய்த வேலையை விட்டுவிடுவார்கள்.

இவர் ஐந்து ஏஜென்சிகளிலும் சேர்த்துப் பில் போடும் கடைகளை 1,420-லிருந்து 1,610 ஆக உயர்த்தியிருக்கிறார். 190 கடைகள் கூடுதல். சங்கரன்கோவிலின் 240 கடைகளையும் சேர்த்தால் இப்போது கையில் இருப்பது 1,850 கடைகள். இதில் 240 தானாக வந்தது, 190 இவர் அலைந்து பிடித்தது. மெயிலில் முன்னால் வரவேண்டியது அந்த 190-தான்.

ஆனா அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. புதுக்கடை எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் இருந்தால், ஆப்பில் கடையை ஏற்றி ஒரே ஒரு பில் போட்டுவிட்டு மறந்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதனால் "குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து பில் ஆன கடைகள்" என்று சேர்த்து எழுதினால் அந்த 190-க்கு எடை கூடும். உண்மையில் அப்படி இருந்தால் மட்டும், சரியா?

கடைக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்கள்?

கால்குலேட்டர்கூட வேண்டாம். இவரிடம் ஏஜென்சி சேல்ஸ்மேன்கள் ஒன்பது பேர். 1,850 கடைகளை ஒன்பதால் வகுத்தால் ஒருவருக்குச் சுமார் 205 கடை. வாரத்துக்கு ஆறு லைன் என்றால் ஒரு நாளைக்கு 34, 35 கடை. ஒரு சேல்ஸ்மேன் பைக்கில் சுற்றி முடிக்கிற அளவுதான். கணக்கு பொருந்துகிறது.

இதே ஒன்பது பேரை வைத்துக்கொண்டு "5,000 கடைகளைக் கையாண்டேன்" என்று எழுதினால்? ஒருவருக்கு 555 கடை. வாரம் ஒருமுறை போகிற லைன் என்றால் ஒரு நாளைக்கு 90-க்கும் மேல். கடைக்கு ஐந்து நிமிஷம் நின்றாலே ஏழரை மணி நேரம் ஓடிவிடும், வண்டி ஓட்டுற நேரம் தனி. அனுபவம் உள்ளவர் இதைப் படித்ததும் சிரித்துவிடுவார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகிற லைன் என்றால் ஓரளவு முடியும். ஆனா அதையும் எழுதியிருக்கணும்.

ஏரியா எழுதும்போதும் இதேதான். "தென் மாவட்டங்கள்" என்பதைவிட ஆறு ஊர் பெயர், எத்தனை ஏஜென்சி, எத்தனை சேல்ஸ்மேன், எத்தனை கடை என்று எழுதினால் ஒரு போன் காலில் சரிபார்த்துவிடலாம்.

அந்த போன் கால் யாருக்குப் போகும்?

எச்.ஆர். தரப்பில் வழக்கமாகப் பார்ப்பது வேலை செய்த தேதி, பதவி, சம்பளம். விற்பனை நம்பரைப் பார்ப்பது பெரும்பாலும் மார்க்கெட்டில் இருக்கும் மேனேஜர்தான். ஏஜென்சிக்காரர்கள் பலரும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கம்பெனி சரக்கை எடுத்து விற்பவர்கள். நீங்கள் சேரப்போகும் கம்பெனியின் ஏஜென்சியும் அவரிடமே இருக்கலாம்! "அண்ணாச்சி, அந்தத் தம்பி எப்படி?" என்று கேட்டால் முடிந்தது.

அப்போது அண்ணாச்சி சொல்லப்போகும் முதல் விஷயம், மார்ச் மாதக் கடைசியில் நடந்ததாகத்தான் இருக்கும். கம்பெனியிலிருந்து ஏஜென்சிக்குப் போகும் விற்பனை ஒன்று, ஏஜென்சியிலிருந்து கடைக்குப் போகும் விற்பனை இன்னொன்று. டார்கெட் முதலாவதில் இருந்தால், வருஷக் கடைசியில் குடோனில் சரக்கை ஏற்றிவிட்டு 105 காட்டுவது சுலபம். ஏப்ரலில் பில் படுத்துவிடும். அதனால்தான் "ஏப்ரல் எவ்வளவு பண்ணீங்க?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்பார்கள். மெயிலில் எந்த விற்பனை என்பதைக் குறிப்பிடுங்கள். கடைக்குப் போன விற்பனையும் தெரிந்தால் பக்கத்திலேயே போடுங்கள்.

மெயில் இப்படி இருக்கலாம்

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். புரிவதற்காக இங்கே தமிழில்:

பொருள்: ஏரியா சேல்ஸ் மேனேஜர் பணி, திருநெல்வேலி - 6 ஏஜென்சி, 1,850 கடைகள்

வணக்கம். பிஸ்கட் விற்பனையில் சேல்ஸ் ஆபீசராகப் பணியாற்றுகிறேன். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் ஏஜென்சிகளையும், 2024 அக்டோபர் முதல் சங்கரன்கோவிலையும் கவனிக்கிறேன். ஏஜென்சி சேல்ஸ்மேன்கள் 9 பேர்.

2024-25-இல் டார்கெட் ரூ.4.20 கோடி, அடைந்தது ரூ.4.41 கோடி (ஏஜென்சிக்கான விற்பனை). சங்கரன்கோவில் நீங்கலாக வளர்ச்சி 7.8 சதவிகிதம், முந்தைய ஆண்டில் 2023 டிசம்பர் வெள்ள மாதமும் அடங்கும். பழைய ஐந்து ஏஜென்சிகளில் 190 கடைகள் புதிதாகச் சேர்ந்தன. அனைத்தும் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து பில் ஆனவை. ஜூலை-செப்டம்பர் காலாண்டில் மட்டும் டார்கெட்டில் 91 சதவிகிதம்.

ஆண்டு மதிப்பீட்டுக் கடிதம், இன்சென்டிவ் ஸ்டேட்மென்ட் இரண்டையும் நேர்காணலில் காட்ட முடியும்.

அவ்வளவுதான். மொபைலில் ஒரு ஸ்க்ரோலில் முடிந்துவிடும்.

அந்த 91 சதவிகிதத்தை ஏன் எழுதணும் என்று தோன்றலாம். ஆண்டுக் கணக்கு 105 என்று இருக்கும்போது ஒரு காலாண்டு குறைந்ததால் யாரும் நிராகரிக்கப் போவதில்லை. மாறாக, மற்ற நம்பர்களை நம்புவதற்கு அது ஒரு காரணமாகிவிடும். ஏன் குறைந்தது என்ற பதிலை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை அனுப்பக் கூடாது?

கம்பெனி சாஃப்ட்வேரில் இருந்து எடுத்த ரிப்போர்ட், கடைவாரியான பில் லிஸ்ட், ஸ்கீம் ரேட், ஏஜென்சிக்காரர்களின் போன் நம்பர் எதையும் மெயிலில் இணைக்காதீர்கள். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு நிபந்தனையில் இவை வரலாம். மொத்த விற்பனைத் தொகையே ரகசியம் என்று உங்கள் கம்பெனி சொல்லியிருந்தால் ரூபாயை விட்டுவிட்டு சதவிகிதம், கடை எண்ணிக்கை, ஊர் பெயர் ஆகியவற்றை மட்டும் எழுதலாம். இன்னொன்று, போட்டிக் கம்பெனியின் லிஸ்ட்டைத் தூக்கிக் கொடுக்கிறவர் நாளைக்கு நம்ம லிஸ்ட்டையும் கொடுப்பாரே என்று வாங்குகிறவருக்கும் தோன்றத்தானே செய்யும்?

மெயில் அனுப்பும் முன், ஏஜென்சிகளுக்கு நிலுவையில் இருக்கும் டேமேஜ் கிளெய்ம், ஸ்கீம் கிளெய்ம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து முடித்துவிடுங்கள். 105 சதவிகிதம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், "எனக்கு நாற்பதாயிரம் கிளெய்ம் வரவேண்டி இருக்கு, அதைச் சொல்லச் சொல்லுங்க" என்று அண்ணாச்சி போனில் ஆரம்பித்தால், பேச்சு அங்கேயே திரும்பிவிடும்.