தமிழகத்தில் வாடகைக் கார்: கிலோமீட்டர் விலை மலிவு, மொத்தக் கணக்கு ஏன் கூடுகிறது?

குலதெய்வக் கோயில், உறவினர் கல்யாணம், இராமேஸ்வரத்தில் திதி என்று ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டங்களிலிருந்து தமிழகம் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானத்தில் திருச்சியில் இறங்குகின்றன. அங்கிருந்து மூன்று நான்கு நாளைக்கு ஒரு கார் வேண்டும். வாட்ஸ்அப்பில் விசாரித்தால் வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்: “கிலோமீட்டருக்கு 18 ரூபாய், ஒரு நாளைக்கு மினிமம் 250, டிரைவர் பேட்டா 600, டோல் பார்க்கிங் தனி.” சிரம்பானில் வேன் எடுத்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு ரிங்கிட் என்று ஒரே தொகையில் பேசிப் பழகியவர்களுக்கு இதில் கண்ணில் படுவது 18 ரூபாய் மட்டும்தான். ஆனால் கடைசியில் கொடுக்கும் பணத்தைத் தீர்மானிப்பது அந்த 18 அல்ல, 250.

மினிமம் 250 என்றால், அன்று கார் 100 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் 250 கிலோமீட்டருக்குப் பணம் உண்டு. வெளியூர் போன கார் அன்றைக்கு வேறு சவாரி எடுக்க முடியாது. கோயில் வாசலில் ஆறு மணி நேரம் நின்றாலும் காரின் வங்கித் தவணை நிற்காது. அதற்கான ஈடுதான் இந்தக் குறைந்தபட்சக் கணக்கு. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சில நிறுவனங்கள் 300 என்று வைத்திருப்பதும் உண்டு.

சிக்கல் ‘ஒரு நாள்’ என்ற சொல்லில் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரம் அல்ல, நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரையிலான காலண்டர் நாள். இரவு 10.30க்கு விமானம் இறங்கி, அந்தக் கார் ஹோட்டல் வரை கொண்டுபோய் விட்டால்கூட முழு நாள் ஒன்று முடிந்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர் கொண்ட குடும்பம், ஏழு இருக்கைக் கார். வியாழன் இரவு 10.30க்குத் திருச்சியில் இறங்குகிறார்கள். வெள்ளி மதுரை, சனி இராமேஸ்வரம், ஞாயிறு மாலை மீண்டும் திருச்சி விமான நிலையம். ஓடும் தூரம் வெள்ளியன்று உள்ளூர்ச் சுற்றலோடு 155 கிலோமீட்டர், சனியன்று தனுஷ்கோடி போய்வருவதோடு 215, ஞாயிறன்று காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக 235. மொத்தம் சுமார் 605.

முதல் நிறுவனம் 18 ரூபாய் சொல்கிறது, வியாழன் இரவே கார் வந்துவிடும். நான்கு நாள், 1,000 கிலோமீட்டர்: 18,000 ரூபாய். பேட்டா நான்கு நாளைக்கு 2,400. ஆக 20,400 ரூபாய். இரண்டாவது நிறுவனம் 20 ரூபாய் சொல்கிறது. வியாழன் இரவு விமான நிலைய டாக்சியில் ஹோட்டலுக்குப் போய்விட்டு, இந்தக் காரை வெள்ளி காலையில் வரச் சொன்னால் மூன்று நாள், 750 கிலோமீட்டர்: 15,000 ரூபாய். பேட்டா 1,800. ஆக 16,800. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் அதிகம் சொன்னவரிடம் போனால் 3,600 ரூபாய் மிச்சம். அதில் ஓர் இரவு டாக்சிக் கூலி மட்டும் போகும். (விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. காரின் அளவுக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறும்.)

இங்கே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். மினிமம், பயணம் முழுவதற்கும் சேர்த்தா, நாளுக்கு நாள் தனியா? 750க்குப் பணம் கட்டி 605தான் ஓடுவதால், 145 கிலோமீட்டர் கையில் இருக்கிறது. ஞாயிறன்று தாத்தா பிறந்த ஊரைப் பார்க்க 95 கிலோமீட்டர் சுற்றினால் அன்றைய தூரம் 330, மொத்தம் 700. சேர்த்துக் கணக்கிட்டால் கூடுதலாக ஒரு காசு இல்லை. நாளுக்கு நாள் என்றால் 250, 250, 330 என்று 830 ஆகி, 80 கிலோமீட்டருக்கு 1,600 ரூபாய் ஏறும். இரண்டு வழக்கமும் இருக்கின்றன. பில் வந்த பிறகு இதைப் பேசிப் பயனில்லை.

மீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதும் முக்கியம். பலருக்கு அது கார் நிற்கும் ஷெட்டிலிருந்து ஷெட் வரை. பயணி ஏறும் இடத்திலிருந்து அல்ல. திருச்சிக் கார் என்றால் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். தெரிந்தவர் ஒருவர் மதுரையிலிருந்து அனுப்பும் கார் என்றால், வெறுமையாக வந்து திரும்பும் தூரம் மட்டும் சுமார் 270 கிலோமீட்டர். மேலே சொன்ன பயணம் 875 ஆகி, 750ஐத் தாண்டிய 125 கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய் கூடும்.

பேட்டா என்பது ஓட்டுநரின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்குமான படி. பேசிய பேட்டா இரவுத் தங்கலையும் சேர்த்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிலர் ‘நைட் ஹால்ட்’ என்று தனித் தொகை போடுவார்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 5 அல்லது 6 மணிக்குள் கார் ஓடினால் இரவு பேட்டா என்று வேறொன்று வரும். அது ஓட்டுநரின் தூக்கத்திற்கான விலை, கொடுப்பது நியாயம். ஆனால் கார் ஹோட்டல் வாசலில் நின்ற இரவுக்கே பேட்டா, நைட் ஹால்ட், இரவு பேட்டா மூன்றும் பில்லில் இருந்தால் ஒரே இரவுக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹோட்டல் பதிவு செய்யும்போது ஓட்டுநர் தங்க இடம் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லாவிட்டால் அவர் காரிலேயே படுப்பார். மறுநாள் அதே மனிதர்தான் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார்.

டோலில் நம்மூர்ப் பழக்கம் செல்லாது. சிரம்பானில் நுழைந்து ஜோகூர் பாருவில் வெளியேறினால் ஓடிய தூரத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் கழியும். தமிழகத்தில் ஒவ்வொரு சுங்கச்சாவடியும் தனித்தனியாக வசூலிக்கும். திருச்சி மதுரை சாலையில் பூதக்குடி, சிட்டம்பட்டி. மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையில் திருப்பாச்சேத்தி, போகலூர். திரும்பும்போது லெம்பலாக்குடி, லெட்சுமணப்பட்டி என்று ஆறு சாவடிகளை இந்தக் குடும்பம் கடக்கும். கட்டணம் காரின் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் வழியாகக் கழிவதால் கையில் ரசீது கிடைக்காது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. அது வேலை செய்யாத கார், சாவடியில் ரொக்கமாகக் கட்டினால் இரட்டிப்பு. அந்தக் கூடுதல் காரின் உரிமையாளருடைய பொறுப்பு, பயணியுடையது அல்ல. ஒவ்வொரு கழிவுக்கும் உரிமையாளரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். பில்லோடு அதன் படத்தையும் அனுப்பச் சொன்னால் போதும். கட்டணங்கள் ஆண்டுதோறும் சாவடிக்கு ஏற்ப ஏப்ரலிலோ செப்டம்பரிலோ மாறுவதால், போன வருடம் போன சொந்தக்காரர் சொல்லும் தொகை ஒத்துவராது.

திருப்பதி, சபரிமலை என்று மாநில எல்லை தாண்டினால் அந்த மாநில வரி யார் பொறுப்பு என்றும், 5 விழுக்காடு ஜிஎஸ்டி சொன்ன விலைக்குள்ளா வெளியிலா என்றும் கேட்க வேண்டும். மஞ்சள் எண் பலகை இல்லாத சொந்தக் காரை வாடகைக்கு அனுப்புவது சட்டப்படி செல்லாது. விபத்து என்றால் காப்புறுதி கிடைப்பது சிரமம். நம் ஊர் ‘சாப்பு’ வேனின் கதைதான்.

முன்பணம் அனுப்பும் முன் ஓட்டுநரிடம் அல்லாமல் நிறுவனத்திடமே இப்படி எழுதிக் கேட்கலாம்: “வெள்ளி காலை 7 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை மூன்று நாள். மொத்தம் 750 கிலோமீட்டர் சேர்த்துக் கணக்கு. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். பேட்டா நாளுக்கு 600, இரவுத் தங்கல் அதிலேயே அடக்கம். மீட்டர் திருச்சி ஹோட்டலிலிருந்து. சரியா?” ‘சரி’ என்று பதில் வந்தால் அதுவே ஒப்பந்தம். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்து அதே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், விமானத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.