டபிள்யூ, எஸ் பொறித்த ஸ்ட்ராட்ஃபோர்டு முத்திரை மோதிரம்: வீலரின் முடிபு குறித்து ஒரு மறுஆய்வு

ஸ்ட்ராட்ஃபோர்டு திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தை அடுத்திருந்த ‘மில் குளோஸ்’ என்னும் வயலில் 1810ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் கூலியாள் ஒருவரின் மனைவி கண்டெடுத்த பொன் முத்திரை மோதிரத்தை, அவ்வூர் வழக்கறிஞரும் வரலாற்றாசிரியருமான ராபர்ட் பெல் வீலர் அன்றைக்கே பொன்னின் விலையான 36 ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அதில் பின்னிய கயிற்று முடிச்சொன்றால் இணைக்கப்பட்ட இரண்டு எழுத்துகளைக் கண்டு, அது ஷேக்ஸ்பியரின் மோதிரமே என்று துணிந்தார். அவருக்குப் பின் எழுதியோரிற் பலர் அம்முடிபை அப்படியே வழிமொழிந்தும், வேறு சிலர் காரணங் கூறாமலே புறக்கணித்தும் போந்தனரேயன்றி, அவர் காட்டிய ஏதுக்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தவர் மிகச் சிலரே. வீலர் நேர்மையாளர், தமக்கு எதிராகப் பயன்படக்கூடிய செய்திகளையும் மறைக்காமல் எழுதி வைத்தவர். ஆதலின் அவருடைய சாட்சியங்களைக் கொண்டே அவருடைய முடிபைச் சோதித்தல் கூடும்.

முதலில் எழுத்துகளை நோக்குவோம். முத்திரையிடுவதற்கென்று செய்த மோதிரத்தில் எழுத்துகள் இடவலம் மாறி, உட்குழிவாக வெட்டப்பட்டிருக்கும். அரக்கில் பதிந்த பிம்பத்திலேயே அவை நேராகும். இம்மோதிரத்தின் எழுத்துகளும் அவ்வாறே மாறியுள்ளமையால், இது வெறும் அணிகலனாக அன்றி முத்திரைக்காகவே செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் டபிள்யூ என்னும் எழுத்தின் வடிவம் இடமும் வலமும் ஒத்தது. மாற்றி வெட்டினும் உருக் கெடுவதில்லை. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பிம்பத்தைத் தலைகீழாகத் திருப்பினால் டபிள்யூ, கால் விரிந்த எம் ஆகிவிடும். எஸ் எஸ்ஸாகவே நிற்கும். உரோமானிய எழுத்து மரபில் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வருதலைக் கொண்டு திசையைத் தெளியலாமென்று கருதினால், அதுவும் இங்கே உதவாது; திருப்பிய டபிள்யூவின் கோடுகள், முறைப்படி எழுதிய எம்மின் கோடுகளோடு தடிப்பிலும் மெலிவிலும் ஒத்துப்போகின்றன. ஆகவே திசையைக் காட்டவல்லது எஸ் ஒன்றே: நல்ல கைத்தொழிலாளன் அதன் மேல்வளைவைக் கீழ்வளைவினும் சற்றே சிறியதாக அமைப்பான். டபிள்யூ, எஸ் என்ற வாசிப்பை நானும் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வாசிப்பின் பாரம் முழுவதும் ஓர் எழுத்தின் வளைவுகளின் மேலேயே நிற்கின்றது என்பதை மறத்தலாகாது.

எழுத்துகளை இணைக்கும் முடிச்சை வீலர் ‘உண்மைக் காதலர் முடிச்சு’ என்றே குறிப்பிடுகின்றார். குறிப்பிட்டுவிட்டு, அதனால் விளையும் வினாவை எழுப்பாமலே கடந்துவிடுகின்றார். ஸ்காட்லாந்து அரசி மேரியையும் டார்ன்லியையும் சார்ந்ததாகச் சொல்லப்படும், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையிலுள்ள மோதிரத்தில் எம், எச் என்னும் இரண்டு எழுத்துகள் இத்தகைய முடிச்சால் பிணைக்கப்பட்டுள்ளன. அங்கே அவை ஒருவரின் பெயர்க் குறிகள் அல்ல, கணவன் மனைவி என்னும் இருவரின் பெயர்க் குறிகள். அவ்வாறாயின், ஸ்ட்ராட்ஃபோர்டு மோதிரத்தின் டபிள்யூவும் எஸ்ஸும் இருவருடையனவாக இருத்தல் ஏன் கூடாது? வில்லியம் என்பானும் சூசன் என்பாளும், வால்ட்டர் என்பானும் சாரா என்பாளும் அக்காலத்து ஊர்களில் அரியரல்லர். இதனை நான் முடிபாகக் கூறவில்லை. ஆனால் முடிச்சை அலங்காரம் என்று தள்ளிவிடுவோர் அதற்குக் காரணங் காட்டக் கடமைப்பட்டவர் என்பேன்.

இனி, பலரும் ஊன்றிப் பாராத ஒரு வாக்கியத்துக்கு வருகின்றேன். கண்டெடுத்தபோது மோதிரம் ஏறக்குறையக் கறுத்திருந்தது என்றும், தாம் வாங்குமுன்பே கடையொன்றில் பொன்னின் மாற்றை அறியும்பொருட்டு அதை வெடியுப்புத் திராவகத்தில் அமிழ்த்தினர் என்றும், அதனால் பழைய நிறம் மீண்டது என்றும் வீலர் எழுதுகின்றார். இதுவே என் பார்வையில் இம்மோதிரத்தின் வரலாற்றில் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு. அத்திராவகம் பொன்னைத் தின்பதில்லை. பொன்னோடு கலந்த செம்பையும் வெள்ளியையும் மேற்பரப்பிலிருந்து கரைத்து நீக்கும். கறுப்பு என்பது பெரும்பாலும் அக்கலப்பு உலோகங்கள் மண்ணில் கிடந்து மாறிய படலமே. புதைவுக்கு முன் உராய்ந்த இடம் எது, ஏர்முனையோ மண்வெட்டியோ பின்னர்க் கீறிய இடம் எது என்பதை, படலம் கீறலின் மேல் படிந்திருக்கின்றதா, கீறல் படலத்தை அறுத்திருக்கின்றதா என்று பார்த்தே பிரித்தறிவர். அந்தச் சாட்சியம் சில நிமிடங்களில் அழிந்தது.

எஞ்சுவது வடிவத் தேய்மானமே. அரக்கு மெல்லியது, முத்திரையிடுவதால் பொன் தேய்வது மிகச் சிறிது. விரலில் அணிந்து புழங்குவதாலேயே முகப்பின் விளிம்பும், வளையத்தின் உள்ளங்கைப் பக்கமும் தேயும். வெட்டின் அடிப்பகுதி தப்பி நிற்கும். கோடு கூர்வாய்ப் பள்ளமாக வெட்டப்பட்டதாயின், மேற்பரப்பு தாழத் தாழ அதன் அகலம் குறுகும். ஆழமற்ற மெல்லிய கோடு முதலில் மறையும், தடித்த கோடு நெடுங்காலம் நிற்கும். ஆகவே தேய்ந்த முத்திரையில் எழுத்தின் மெலிவு, வெட்டியவனின் பாணியா காலத்தின் விளைவா என்பதை முடிவு செய்யுமுன், முகப்பு விளிம்பின் மழுங்கலோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 12 பென்னிவெயிட், அதாவது ஏறத்தாழ 18½ கிராம் நிறையுள்ள இம்மோதிரம் பருமையானது; எனினும் செய்தபோதிருந்த நிறை தெரியாத நிலையில், இப்பருமையைக் கொண்டு சிலகாலமே அணியப்பட்டதென்று வாதிடுதல் தகாது.

வீலரின் முக்கிய வாதம் விலக்கு முறையில் அமைந்தது. அக்காலத்தில் அவ்வூரில் வில்லியம் ஸ்மித் என்னும் துணி வணிகர் இருந்ததை அவர் ஒப்புக்கொள்கின்றார். ஆனால் பழைய பத்திரங்களில் ஸ்மித் வேறு உருவம் பொறித்த முத்திரையைப் பயன்படுத்தியுள்ளாராகையால் இம்மோதிரம் அவருடையதன்று என்று விலக்குகின்றார். இவ்விலக்கு செல்லாது என்பதைக் காட்ட வேறெங்கும் போகவேண்டியதில்லை. 1613 மார்ச்சில் லண்டன் பிளாக்ஃபிரயர்ஸ் வாயில்வீட்டை ஷேக்ஸ்பியர் வாங்கியபோது எழுதப்பட்ட கிரயப் பத்திரத்திலும் அடைமானப் பத்திரத்திலும் அவருடைய கையொப்பத்தோடு உள்ள முத்திரையில் எச், எல் என்னும் எழுத்துகளே இருக்கின்றன. அவை பத்திர எழுத்தரின் உதவியாளரும் சாட்சியுமான ஹென்றி லாரன்ஸுடையவை என்பர். மேசைமேல் கிடைத்த முத்திரையைக் கொண்டு ஒப்பமிடுதல் அக்காலத்தார்க்கு இயல்பு. வேறு முத்திரையைப் பயன்படுத்தியவர் இம்மோதிரத்துக்கு உரியவர் ஆகார் என்பது விதியாயின், ஸ்மித்தோடு ஷேக்ஸ்பியரும் விலக்கப்படுவார்; விதி அன்றாயின், ஸ்மித் மீண்டும் உள்ளே வருவார். இரண்டில் எதைக் கொண்டாலும் வீலரின் கட்டடம் நில்லாது.

1616 மார்ச்சு 25ஆம் நாளிட்ட உயிலின் இறுதியில் ‘முத்திரை’ என்ற சொல் அடிக்கப்பட்டு ‘கை’ என்பது மாற்றப்பட்டிருத்தலை, அதற்கு முன்பே மோதிரம் தொலைந்துவிட்டதற்குச் சான்றாகக் கொள்வாருளர். உயிலுக்கு முத்திரை இன்றியமையாததன்று. எழுத்தர் வாய்பாடாக எழுதியதைத் திருத்தினார் என்பதே எளிய விளக்கம். பிறருடைய முத்திரையால் 1613இல் ஒப்பமிட்ட ஒருவர், தம் மோதிரம் தொலைந்ததனாலேயே 1616இல் முத்திரையிடாது விட்டார் என்பது பொருந்துமாறு எங்ஙனம்?

காலத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. வீலர் எலிசபெத் காலம் என்றார்; ஆனால் இரண்டு பெரிய எழுத்துகள் காலத்தைக் குறுக்கிக் காட்டப் போதா. எழுதுகோல் பிடித்தவர் கையெழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறினும், முத்திரை வெட்டுவோர் உரோமானியப் பெரிய எழுத்துகளைத் தலைமுறைகளாக மாற்றமின்றிக் கையாண்டனர். ஆதலின் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எந்தப் பத்தாண்டும் இம்மோதிரத்துக்கு இடங்கொடுக்கும். வயலின் மேற்பரப்பில் கிடைத்த பொருளுக்கு மண்ணடுக்கின் துணையும் இல்லை. உரியவரைத் துணியத்தக்க சான்று ஒன்றே: இதே முடிச்சும் இதே வளைவுகளும் பதிந்த அரக்கு, நாளும் பெயருமுள்ள ஒரு பத்திரத்தின் அடியில் காணப்படுதல் வேண்டும், அங்ஙனம் காணப்பட்டால், பிம்பத்திலுள்ள மெல்லிய கோட்டின் அகலத்தை மோதிரத்திலுள்ள இன்றைய அகலத்தோடு ஒப்பிட்டு, பத்திர நாளுக்குப் பின் அது எவ்வளவு தேய்ந்தது என்பதையும் அளந்துவிடலாம்.