சாணைக்கல்லைத் தட்டிக் கேட்பது யார்?

முன்னேஸ்வரத்தில் நான்கு பேர் வேலை செய்யும் ஒரு வெல்டிங் பட்டறையைச் சரிபார்ப்புப் பட்டியலோடு சுற்றிப் பார்த்தேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 'வைஸ்' முறையைப் பின்பற்றிய பட்டியல் அது. "இது பாதுகாப்பானதா?" என்ற கேள்வி அதில் இல்லை. கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். செய்யவேண்டிய வேலையையே வரியாக எழுதி, எதிரே 'தேவையில்லை', 'தேவை', 'முதலில்' என்பவற்றில் ஒன்றைக் குறிக்கவேண்டும்.

முதல் சுற்றில் எதுவும் எழுதாமல், வேலை நடக்கும்போதே பார்த்தோம். மேசைக் கிரைண்டரில் கல்லுக்கும் இரும்பைத் தாங்கும் தட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி. 3 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் இரும்பு உள்ளே இழுபட்டுக் கல் உடையலாம். மின்சாரத்தை நிறுத்தி, உடனே தட்டை நகர்த்தினார்கள்.

அடுத்தது புதுக்கல். மாட்டுமுன் அதை விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டவேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கலாம். இங்கே கல் மாற்றுபவருக்கு யுத்தத்தில் ஷெல் விழுந்ததிலிருந்து காது சரியாகக் கேட்பதில்லை. அச்சடித்த எந்தப் பட்டியலும் இதைக் கேட்காது. "நன்றாகக் காது கேட்கும் ஒருவர் கல்லைத் தட்டிப் பார்ப்பது" என்று புது வரி எழுதி, 'முதலில்' என்று குறித்தோம். பொறுப்பாளர் பெயரும் திகதியும் அதே வரியில்.