வணிகச் சங்க உறுப்பினர் சான்று

ஒரு நிறுவனத்தின் நிலையைக் காட்டத் துணைச் சான்றாக அளிக்கப்படும் ஆவணம். எல்லா உறுப்பினர் சான்றுகளுக்கும் ஒரே எடை கிடையாது. 1836இல் தொடங்கிய மெட்ராஸ் வர்த்தக சபை போன்றவற்றில் நிறுவனங்கள் விருப்பப்பட்டுச் சேர்கின்றன. ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில்கள் தரும் பதிவு மற்றும் உறுப்பினர் சான்றிதழோ இந்திய வெளிவர்த்தகக் கொள்கையின் கீழ் வருவது. அதைப் பெற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும்.

இச்சான்றிதழில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி, ஏற்றுமதியாளரின் வகை. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்று தனக்குச் சொந்தத் தொழிற்சாலை இருப்பதாகச் சொல்லி விலை அனுப்புகிறது என்று கொள்வோம். சான்றிதழில் ‘வணிக ஏற்றுமதியாளர்’ என்றிருந்தால், சரக்கை வேறெங்கோ வாங்கி அனுப்புகிறதா என்று கேட்டாக வேண்டும். அந்த வகை மட்டுமே பொய்யை நிரூபித்துவிடாது. தொழிற்சாலை உரிமத்தைக் கேட்டால் தெளிவாகிவிடும். பெயரும் முகவரியும் ஜிஎஸ்டி பதிவோடு பொருந்துகின்றனவா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். சுவரில் மாட்டிய பழைய சான்றிதழ் இன்றைய உறுப்பினர் நிலைக்கு ஆதாரமாகாது. சந்தேகமிருந்தால், உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டு வழங்கிய அமைப்பிடமே கேட்பது நல்லது.

கடனைத் திருப்பும் திறனையோ சரக்கின் தரத்தையோ உறுப்பினர் சான்று காட்டாது. அவற்றுக்குத் தணிக்கை செய்த கணக்கும் ஆய்வறிக்கையும் தேவை.